நான்கு தவணையும் செலுத்தாதவர் யார்? ஓர் 'உம்' கிளப்பிய வழக்கு

வரவுசெலவு | மார்ச் 3, இரவு 9:40

எங்கள் குடியிருப்போர் சங்க விதியில் ஒரு வரி இருக்கிறது: "ஆண்டுப் பராமரிப்புத் தொகையின் நான்கு தவணையும் செலுத்தாதவர்கள் பொதுக்குழுவில் வாக்களிக்க இயலாது."

இதற்கு என்ன பொருள்? நான் சங்கத்தின் பொருளாளர். செயலாளர் சொல்கிறார்: நான்கில் ஒன்று பாக்கி இருந்தாலும் வாக்கு கிடையாது. இரண்டாம் மாடிப் பெரியவர் மூன்று தவணை கட்டியிருக்கிறார். அவர் சொல்கிறார்: நான்கில் ஒன்றுமே கட்டாதவனுக்குத்தான் வாக்கு கிடையாது, எனக்கு உண்டு. இரண்டு பேரும் அதே வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள்.

இரண்டு பேரும் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள்தான். யாரும் வளைத்துப் படிக்கவில்லை. சிக்கல் 'தவணையும்' என்பதில் இருக்கும் உம்மில் இருக்கிறது என்பது என் எண்ணம். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரர் | மார்ச் 3, இரவு 10:15

வாக்குரிமையைப் பறிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீர்ப் பணம் பாக்கி என்று என்னைக் கூட்டத்தில் பேசவே விடவில்லை. பணம் கட்டிய ரசீது என் கையில் இருந்தது. கணக்கெழுதியவர் பக்கம் மாற்றி எழுதியிருந்தார். விடாதீர்கள்.

வரவுசெலவு | மார்ச் 3, இரவு 10:22

அதிகாரம் பற்றியது வேறு கேள்வி, அதற்கு வழக்கறிஞரைப் பார்க்கிறோம். எனக்கு இப்போது அந்த வரியின் பொருள்தான் வேண்டும்.

சந்திப்பிழை | மார்ச் 4, காலை 7:05

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பார்த்தவுடன் தெரிகிறது, இரண்டாம் வேற்றுமை உருபு விடுபட்டிருக்கிறது. 'நான்கு தவணைகளையும் செலுத்தாதவர்கள்' என்று எழுதியிருக்க வேண்டும். ஐ போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

வரவுசெலவு | மார்ச் 4, காலை 8:30

எந்தப் பக்கமாகத் தீர்ந்தது? 'நான்கு தவணைகளையும் செலுத்தாதவர்' என்று வைத்துப் படித்தாலும் செயலாளருக்கு அவர் பொருள் கிடைக்கிறது, பெரியவருக்கு அவர் பொருள் கிடைக்கிறது.

சந்திப்பிழை | மார்ச் 4, காலை 8:41

என் காதுக்கு 'ஒன்றையும் கட்டாதவர்' என்றுதான் விழுகிறது. எப்படியும் உருபு வேண்டும், அச்சில் அதுதான் முறை.

பழையஏடு | மார்ச் 4, பிற்பகல் 3:10

உருபு சேர்ப்பது நல்லதுதான், ஆனால் வழக்கு அதில் இல்லை. பொருளாளர் அம்மா தொட்டது சரியான இடம்.

'நான்கு தவணை' என்றால் ஏதோ நான்கு. 'நான்கு தவணையும்' என்றால் முன்பே தெரிந்த அந்த நான்கு, ஒன்றும் விடாமல். 'நான்கு பேர் வந்தார்கள்', 'நான்கு பேரும் வந்தார்கள்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதைக் கேட்பவருக்கு அந்த நான்கு பேர் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த உம்மைதான் முற்றும்மை. நேராகச் சொல்லும் வாக்கியத்தில் இது ஒரு தொல்லையும் தராது. எதிர்மறை வந்து சேர்ந்தால்தான் தொல்லை. 'எல்லாரும்' என்ற முழுமையை வைத்துக்கொண்டு வந்ததை மறுக்கிறோமா, அல்லது அந்த முழுமையையே மறுக்கிறோமா? முதலாவது என்றால் ஒருவரும் வரவில்லை. இரண்டாவது என்றால் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை.

உங்கள் சங்கம் கண்டுபிடித்த குழப்பம் அல்ல இது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தியார் இதற்கென்றே தனியாக ஒரு நூற்பா வைத்திருக்கிறார்: 'முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்.' அதாவது முழுமையைச் சொல்லும் உம், சில இடத்தில் மிச்சம் இருக்கிறது என்றும் காட்டும். உரையில் தரும் எடுத்துக்காட்டு 'எல்லாரும் வந்திலர்.' அவருக்கு முன்னால் தொல்காப்பியமும் இதைச் சொல்லியிருக்கிறது. அங்கே உரையாசிரியர் காட்டுவது 'பத்தும் கொடால்.' பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றை வைத்துக்கொண்டு கொடு என்று பொருள்.

ஆக, உங்கள் செயலாளர் 'எச்சமும் ஆகும்' என்ற கட்சி. பெரியவர் முற்று என்ற கட்சி. இலக்கணம் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

வரவுசெலவு | மார்ச் 4, இரவு 9:05

ஐயா, ரொம்ப நன்றி. 'ஒரோவழி' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. எந்த வழி என்று தெரிந்தால்தானே விதி எழுத முடியும்?

இன்று மாலை நடைப்பயிற்சியில் அக்கம்பக்கத்துக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். தவணையைப் பற்றிப் பேசவில்லை, கட்சி கட்டிவிடுவார்கள் என்று. 'எல்லாரும் வரல' என்றால் என்ன என்று கேட்டேன். பெரும்பாலும் 'சிலர் வந்தாங்க, முழுசா வரல' என்றார்கள். அப்புறம் 'ரெண்டு பேரும் வரல' என்றால் என்ன என்று கேட்டேன். யோசிக்காமல் 'ஒருத்தரும் வரல' என்றார்கள். அதே உம், அதே வரவில்லை. 'எல்லாரும்' என்றால் ஒரு பக்கம் சாய்கிறது, 'ரெண்டு பேரும்' என்றால் மறுபக்கம் சாய்கிறது.

நான்கு எந்தப் பக்கம்? 'நாலு பேரும் வரல' என்று எனக்குள் சொல்லிப் பார்த்தால் ஒருவரும் வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. அப்படியென்றால் பெரியவர் படிப்பதுதான் இயல்பான பொருள். செயலாளரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

பழையஏடு | மார்ச் 5, காலை 6:20

நல்ல சோதனை. இரண்டு, மூன்று, நான்கு என்று சிறிய கூட்டம் என்றால் ஆள் ஆளாகக் கண்முன் நிற்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து 'வரவில்லை' என்று சொல்கிறோம். 'எல்லாரும்' என்றால் கூட்டம் மொத்தமாக நிற்கிறது, அந்த மொத்தத்தை உடைக்கத் தோன்றுகிறது. இது நான் நினைத்துப் பார்த்த காரணம். நூலில் இல்லை.

அலைவரிசை | மார்ச் 5, பகல் 11:50

வானொலியில் செய்தி வாசிக்கிறேன். ஐயா சொன்ன காரணம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. 'நாற்பது பேரும் வரவில்லை' என்றாலும் ஒருவரும் வரவில்லை என்றுதானே கேட்கிறது? நாற்பது சிறிய கூட்டம் இல்லை.

இதில் பாதி வேலையைக் குரல் செய்கிறது. 'எல்லாக் கட்சிகளும் கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை' என்று தாளில் வந்தது என்று வையுங்கள். 'எல்லாக் கட்சிகளும்' என்பதைத் தூக்கி நிறுத்தி, சற்று இழுத்து, பிறகு 'கலந்துகொள்ளவில்லை' என்றால் சில வந்தன என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஒரே மட்டத்தில் வாசித்து 'இல்லை'யில் அழுத்தினால் மொத்தப் புறக்கணிப்பு. தாளில் குரல் கிடையாது. அதனால் இப்படி ஒரு வரி வந்தால் வாசிக்கும் முன் செய்தி எழுதியவரிடம் கேட்டுவிடுவேன். 'எந்தக் கட்சியும் கலந்துகொள்ளவில்லை' என்றோ 'சில கட்சிகள் கலந்துகொள்ளவில்லை' என்றோ மாற்றிக் கொடுத்துவிடுவார். இரண்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

வரவுசெலவு | மார்ச் 5, இரவு 8:55

'எந்தக் கட்சியும் கலந்துகொள்ளவில்லை'. இதிலும் உம் இருக்கிறது, இல்லையும் இருக்கிறது. ஆனால் ஒரே பொருள்தான். ஏன்?

கொக்குவில்காரி | மார்ச் 6, காலை 5:30

இங்கே கனடாவில் இருந்து வாசிக்கிறன். எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில் இந்தச் சண்டை வர வாய்ப்புக் குறைவு. ஒருவரும் வரவில்லை என்றால் 'ஒருத்தரும் வரேல்லை' என்பம். முழுப் பேரும் வரவில்லை, கொஞ்சம் குறைஞ்சது என்றால் 'எல்லாரும் வரேல்லை, கொஞ்சப் பேர்தான் வந்தவை' என்று வாலையும் சேர்த்துச் சொல்லுவம். அம்மா கலியாண வீட்டுக் கணக்குச் சொல்லேக்கை 'எல்லாரும் வரேல்லை' என்று நிப்பாட்டினால் 'அப்ப ஆர் ஆர் வரேல்லை?' என்றுதான் அடுத்த கேள்வி வரும். ஒருவரும் வராத கலியாணம் என்று ஒருத்தரும் நினைக்க மாட்டினம்.

பழையஏடு | மார்ச் 6, காலை 9:15

பொருளாளர் அம்மாவின் நேற்றைய 'ஏன்' நல்ல கேள்வி. 'எந்தக் கட்சியும் கலந்துகொண்டது' என்று யாராவது சொல்வார்களா? 'யாரும் வந்தார்கள்'? இன்றைய தமிழில் சொல்வதில்லை. யாரும், எதுவும், எந்தத் தவணையும் ஆகிய இவை பின்னால் ஓர் 'இல்லை'யை எதிர்பார்த்தே நிற்கின்றன. 'யாரும் வரலாம்', 'எதுவும் நடக்கலாம்' என்று வாய்ப்பைச் சொல்லும் வினையோடும் நிற்கும். நடந்து முடிந்ததை ஆமாம் என்று சொல்ல வராது. அதனால் 'யாரும் வரவில்லை' என்பதற்குள் 'யாரும் வந்தார்கள்' என்றொரு வாக்கியம் ஒளிந்திருந்து மறுக்கப்பட வழியில்லை. 'எல்லாரும் வந்தார்கள்' என்பதோ நல்ல வாக்கியம். அதை அப்படியே மறுக்கலாம், அதனால்தான் இரண்டாவது பொருள் பிறக்கிறது.

பழைய தமிழ் இப்படி இல்லை. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடியதில் இல்லையும் இல்லை, வாய்ப்பும் இல்லை. யா என்ற வினாச் சொல்லோடு உம் சேர்ந்து எல்லா ஊரும், எல்லா மனிதரும் என்று தலை நிமிர்ந்து நிற்கிறது. 'ஊரே' என்பதில் வரும் ஏ, சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொல்கிறது. அந்த யாவரும் இன்று மேடையில்தான் இருக்கிறது. வீட்டில் 'யாரும்' என்றால் இல்லை என்று ஒன்று வரப்போகிறது என்று பொருள்.

வரவுசெலவு | மார்ச் 6, இரவு 10:30

ஐயா சொன்னதை வைத்து ஒரு சோதனை செய்யலாம் என்று தோன்றுகிறது. உம் சேர்ந்த சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை இல்லாத சாதாரண வாக்கியத்தில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால், இல்லை சேர்ந்ததும் இரண்டு பொருள் வரும். நிற்காவிட்டால் ஒரே பொருள்.

'நான்கு தவணையும் கட்டினார்' நிற்கிறது. எனவே 'நான்கு தவணையும் கட்டவில்லை' இரண்டு பொருள்.

'ஒரு தவணையும் கட்டினார்' நிற்கவில்லை. எனவே 'ஒரு தவணையும் கட்டவில்லை' ஒரே பொருள்.

'எப்போதும் வீட்டில் இருப்பார்' நிற்கிறது. எனவே 'எப்போதும் வீட்டில் இருக்க மாட்டார்'? இதை என் தங்கையிடம் கேட்டேன். 'சில நேரம் இருப்பார்' என்றாள். அவள் கணவர் 'என்றைக்குமே இருக்க மாட்டார்' என்றார். ஒரே வீட்டில் இரண்டு பொருள். சோதனை வேலை செய்கிறது.

'ஒரு தவணை' பற்றி இன்னொன்று. 'ஒரு தவணை செலுத்தாதவர்' என்றால் ஒன்றை விட்டுவிட்டவர், மற்றது கட்டியிருக்கலாம். 'ஒரு தவணையும் செலுத்தாதவர்' என்றால் அடியோடு கட்டாதவர். ஓர் உம் வந்து சேர்ந்ததும் ஆள் முழுதாக மாறிவிட்டார். செயலாளர் நினைத்தது முதல் ஆளை. விதியில் எழுதியதோ நான்கு என்று ஆரம்பித்து இரண்டு ஆளுக்கும் பொதுவாகப் போய்விட்டது.

அலைவரிசை | மார்ச் 7, காலை 7:40

சோதனை அழகு. ஆனால் 'எங்கும்' அதில் மாட்டவில்லையே. 'எங்கும் கிடைக்கும்' நிற்கிறது. 'எங்கும் கிடைக்காது' என்றால் இரண்டு பொருளா? எனக்கு ஒன்றுதான், ஓரிடத்திலும் கிடைக்காது. எல்லா இடத்திலும் கிடைக்காது, சில இடத்தில்தான் என்று சொல்ல 'எல்லா இடத்திலும் கிடைக்காது' என்று மாற்றித்தான் சொல்கிறேன்.

பழையஏடு | மார்ச் 7, காலை 9:00

உண்மை. 'எங்கும்' பாதி தூரம் 'யாரும்' போன பாதையில் போய்விட்டது என்று நினைக்கிறேன். 'எங்கும் இருட்டு' என்று எழுதுவோம். பேச்சில் 'எல்லா இடமும் இருட்டு' என்போம். 'எப்போதும்' இன்னும் அந்தப் பாதையில் போகவில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நகர்கிறது. அதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு வரவில்லை.

சந்திப்பிழை | மார்ச் 7, பகல் 12:15

எனக்கு எப்போதும் நம்பிக்கையான வழி ஒன்று உண்டு. ஏ போடுங்கள். 'நான்கு தவணையுமே செலுத்தாதவர்கள்.' முடிந்தது.

வரவுசெலவு | மார்ச் 7, இரவு 9:20

ஏ போட்டால் 'ஒன்றுமே கட்டாதவர்' பக்கம் சாய்கிறது, அது சரி. 'எல்லாருமே வரல' என்றால் ஒருவரும் வரவில்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் கூடிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் செயலாளருக்கு வேண்டியது அதற்கு எதிர்ப்பக்கம். அந்தப் பக்கம் சாய்க்க ஓர் ஒட்டு உண்டா?

பழையஏடு | மார்ச் 8, காலை 6:45

ஒட்டில் இல்லை, துணைவினையில் இருக்கிறது. 'எல்லாரும் வந்துவிடவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். 'விடு' வந்ததும் மொத்தம் உடைந்துவிடுகிறது. சிலர் வந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. 'நான்கு தவணையும் செலுத்திவிடாதவர்கள்' என்று விதி எழுத முடியாதே. கேட்கச் சகிக்காது.

ஆ சேர்த்தாலும் அப்படித்தான். 'எல்லாருமா வந்தார்கள்?' என்ற கேள்வியில் யாரோ வந்தது ஒப்புக்கொண்டதாகிறது, முழுமைதான் கேள்வி.

வரவுசெலவு | மார்ச் 8, இரவு 9:50

ஆ பற்றி ஐயா சொன்னது எனக்குக் காலையிலேயே கண்ணில் பட்டது. கூட்ட நாளில் வாசலில் மேசை போட்டு வருபவர்களைச் சரிபார்க்க ஒரு தம்பியை உட்கார வைப்போம். போன வருடம் அவர் என்னென்ன கேட்டார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

'நாலு தவணையும் கட்டினீங்களா?' ஆ கடைசியில், வினையில் ஒட்டியிருக்கிறது. சாதாரணக் கேள்வி. பதில் 'இல்லை' என்று வந்தால் திரும்பவும் அதே குழி. ஒன்றுமே கட்டவில்லையா, ஒன்றிரண்டு பாக்கியா?

'நாலு தவணையுமா கட்டினீங்க?' கட்டியது தெரியும், நான்குமா என்பதுதான் சந்தேகம். கேட்பவரின் புருவம் உயர்ந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது.

'நீங்களா கட்டினீங்க?' பணம் வந்துவிட்டது, கட்டிய ஆள் யார் என்பது கேள்வி. வாடகைக்கு இருப்பவரிடம் இதைக் கேட்டால் சண்டைதான்.

ஒரே ஆ. எந்தச் சொல்லின் வாலைப் பிடிக்கிறதோ அதுதான் கேள்வி, மற்றதெல்லாம் ஒப்புக்கொண்ட செய்தி ஆகிவிடுகிறது. ஆவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. உம்மோடு சேரும்போது அது பின்னால்தான் நிற்கும். 'நான்குமா' உண்டு. 'நான்காவும்' என்று யாரும் கேட்டதில்லை. இந்த வருடம் தம்பியிடம் 'எத்தனை தவணை கட்டியிருக்கீங்க?' என்று மட்டும் கேட்கச் சொல்லப்போகிறேன். பதில் எண்ணாக வரும். எண்ணில் உம் இல்லை.

மாடிவீட்டுக்காரர் | மார்ச் 9, காலை 8:10

ரசீதைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சே வேண்டாம்.

வரவுசெலவு | மார்ச் 9, காலை 8:25

சரி. ரசீதும் பார்க்கிறோம்.

கொக்குவில்காரி | மார்ச் 9, மாலை 6:00

இதோட இன்னொண்டு. கோயில் அறிவித்தலில் 'அடையாள அட்டையும் நுழைவுச் சீட்டும் கொண்டுவராதோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்' என்று போட்டிருந்திச்சு. என்னட்டை அடையாள அட்டை இருந்தது, சீட்டு இல்லை. உள்ளுக்கு விட்டினம். பக்கத்தில் நிண்டவர் 'ரெண்டும் வேணும் எண்டுதானே போட்டிருக்கு' என்று கோவிச்சார். இது எண்ணும் உம். இதிலும் அதே பிரச்சினையோ?

பழையஏடு | மார்ச் 9, இரவு 7:30

அதே பிரச்சினைதான், கொஞ்சம் வேறு முகம். 'அரிசியும் பருப்பும் வாங்கவில்லை' என்றால் இரண்டும் வாங்கவில்லை என்றே எல்லாரும் கொள்வார்கள். நடந்த செய்தியைச் சொல்லும்போது எண்ணும்மை ஏறக்குறையத் தெளிவு. 'கொண்டுவராதோர்' என்று ஆளை வகைப்படுத்தும்போதுதான் ஆட்டம் காண்கிறது. 'இரண்டும் கொண்டுவருவோர்' என்ற ஒரு கூட்டத்தை மனத்தில் வைத்து, அதில் சேராதவர் என்று படிக்கத் தோன்றுகிறது. விதி, அறிவிப்பு, படிவம் எல்லாம் ஆளை வகைப்படுத்துவதே வேலை. அதனால்தான் இந்தக் குழி அங்கே ஆழமாக இருக்கிறது. 'இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தால் பக்கத்தில் நின்றவர் வென்றிருப்பார்.

அலைவரிசை | மார்ச் 10, காலை 7:15

'இல்லாவிட்டாலும்' என்பதில் உள்ள உம்மைக் கவனித்தீர்களா? குழப்பத்தைக் கிளப்பியதும் உம், தீர்ப்பதும் உம்.

வரவுசெலவு | மார்ச் 12, இரவு 10:05

செயலாளரும் பெரியவரும் நானும் உட்கார்ந்தோம். பழைய விதி எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்பதில் இருவரும் இறங்கி வரவில்லை. எழுதியவர் இப்போது ஊரில் இல்லை. அதனால் இந்த வருடம் மூன்று கட்டியவர்களையும் வாக்களிக்க விடுவது, அடுத்த வருடத்துக்கு வரியை மாற்றுவது என்று முடிவு.

மாற்றுவதற்கு நான் சொன்ன வழி, எதிர்மறையையே எடுத்துவிடுவது. 'நான்கு தவணையும் செலுத்தியவர்கள் வாக்களிக்கலாம்.' இப்போது உம் தன் முழுமையோடு நேராக நிற்கிறது, அதை மறுக்க எதுவும் இல்லை. ஆனால் பெரியவர் உடனே பிடித்தார்: 'செலுத்தாதவர் வாக்களிக்கக் கூடாது என்று இதில் எங்கே இருக்கிறது?' சரிதான். நான்கு கட்டியவருக்கு உரிமை உண்டு என்கிறது, மற்றவருக்கு இல்லை என்று சொல்லவில்லை. கதவைச் சாத்த ஏ வேண்டும்.

ஏயை எங்கே வைப்பது என்று அங்கேயே தாளில் எழுதிப் பார்த்தோம்.

'நான்கு தவணையுமே செலுத்தியவர்கள் வாக்களிக்கலாம்.' நான்கு என்பதற்கு அழுத்தம் கூடியது. கதவு திறந்தேதான் இருக்கிறது.

'நான்கு தவணையும் செலுத்தியவர்களே வாக்களிக்கலாம்.' கதவு சாத்தியாயிற்று. இவர்கள், வேறு எவரும் இல்லை.

'நான்கு தவணையும் செலுத்தியவர்கள் வாக்களிக்கலாமே.' இது விதி இல்லை, யாரையோ வா வா என்று கெஞ்சுவது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். 'செலுத்தியவர்களே' என்பதை வேகமாகப் படித்தால் 'அவர்களே நேரில் வந்து' என்றும் விழும் என்று செயலாளர் சொன்னார். 'நானே வந்தேன்' என்றால் வேறு ஆளை அனுப்பாமல் நானாக வந்தேன் என்றுதானே வருகிறது. அதனால் ஏக்கு ஒரு காவல் போட்டோம்: 'செலுத்தியவர்கள் மட்டுமே.'

சந்திப்பிழை | மார்ச் 13, காலை 7:00

'தவணையும்' என்பதை 'தவணைகளையும்' என்று மாற்றினீர்களா?

வரவுசெலவு | மார்ச் 13, காலை 7:20

மாற்றிவிட்டேன். உங்களுக்காகவே.

பழையஏடு | மார்ச் 13, காலை 10:40

'மட்டுமே' நல்ல முடிவு. 'இவர்கள், வேறு எவரும் இல்லை' என்று பிரித்துக் காட்டும் பிரிநிலைக்கும் 'தானாக' என்ற பொருளுக்கும் ஒரே ஏ நிற்பதால் சட்ட வாசகத்தில் தனி ஏ போதாது. பேச்சில் இந்த இரண்டையும் பிரிக்க 'தான்' என்ற சொல் இருக்கிறது. 'நான்தான் வந்தேன்' என்றால் வந்தது நான், வேறு ஆள் இல்லை. 'நானே வந்தேன்' என்றால் நானாக வந்தேன். 'நானேதான்' என்று இரண்டையும் அடுக்கினால் மறுக்க முடியாது.

எண்ணோடு இவை சேர்வதையும் பாருங்கள். பத்தும் என்றால் மிச்சமில்லாமல். பத்தே என்றால் அதற்கு மேல் இல்லை. பத்தா என்றால் நம்பிக்கை இல்லை. பத்தோ என்றால் பதினைந்தும் ஆகலாம். கடைக்காரரும் வாங்குபவரும் ஒரு நாளில் இவற்றை எத்தனை முறை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், ஒருவருக்கும் குழப்பம் வருவதில்லை. எதிர்மறை கலந்த உம் மட்டும்தான் இப்படி.

அலைவரிசை | மார்ச் 14, மாலை 5:30

நேற்று ஒரு குறளை வாசிக்க வேண்டியிருந்தது. 'அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு.' என்பும் என்பதை எப்படி வாசிப்பது என்று நின்றுவிட்டேன். பொருளும் உடலும் முன்பே கொடுத்தாயிற்று, எலும்பு வரைக்கும் போகிறார்கள். அந்த உம்முக்குப் பின்னால் சொல்லாமல் விட்டது எவ்வளவு! ஒலிவாங்கி முன் அதில் ஒரு நொடி நின்றுதான் 'உரியர்' என்றேன்.

வரவுசெலவு | மார்ச் 16, இரவு 9:15

புதிய விதியின் அடுத்த வரி தட்டச்சில் இப்படி வந்திருக்கிறது: "உரிமையாளர் வர இயலாவிட்டால் அவருடைய வாடகைதாரரும் வாக்களிக்கலாம்."

இதில் உம் வேண்டுமா? எனக்கு உறுத்துகிறது.

பழையஏடு | மார்ச் 17, காலை 6:30

எடுத்துவிடுங்கள். 'வாடகைதாரரும்' என்றால் இன்னொருவரும் வாக்களிக்கிறார் என்றாகிறது. அந்த இன்னொருவர் உரிமையாளர்தான், அவரோ வரவில்லை. நாளை ஒருவர் அஞ்சலில் வாக்கு அனுப்பிவிட்டு வாடகைதாரரையும் அனுப்புவார். ஒரு வீட்டுக்கு இரண்டு வாக்கு.

சந்திப்பிழை | மார்ச் 17, காலை 7:10

'இதர குடியிருப்போர் சங்கங்களில் உள்ளதுபோல வாடகைதாரரும்' என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். உரிமையாளர் மட்டுமல்ல, வாடகைதாரரும் தகுதி உள்ளவர்தான் என்ற பொருளில். அதற்கு உம் தேவைதானே?

வரவுசெலவு | மார்ச் 17, இரவு 9:00

அந்தப் பொருளை நீங்கள் மனத்தில் வைத்துப் படிப்பதால் உங்களுக்குக் கேட்கிறது. வாசலில் மேசையில் இருக்கும் தம்பிக்குக் கேட்க வேண்டுமே. 'உரிமையாளர் வர இயலாவிட்டால், அவருக்குப் பதிலாக அவருடைய வாடகைதாரர் வாக்களிக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு மட்டுமே.' இப்படி மாற்றி அச்சுக்கு அனுப்பியாயிற்று.

கொக்குவில்காரி | மார்ச் 18, காலை 5:10

'ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு மட்டுமே' என்பது வடிவு. ரெண்டு வீடு வைச்சிருக்கிற ஆளுக்கு எத்தனை எண்டு முதல் ஆள் கேட்கிறதுக்குள்ள யோசிச்சு வையுங்கோ.